ஆங்கர்டு விவாப்: விலை ஏறும்போது சராசரி ஏன் மெல்ல நகர்கிறது?

சேலம் லீ பஜாரில் மிளகு மொத்த வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். தம் பங்கின் விலைப்படத்தில், பெரிய இறக்கத்தின் அடிமட்டத்திலிருந்து ஆங்கர்டு விவாப் கோடு ஒன்றைப் போட்டிருக்கிறார். விலை இரண்டு முறை அதைத் தொட்டு மேலே திரும்பிவிட்டது. அந்தக் கோட்டுக்கு விலையைத் தாங்கும் வலு எங்கிருந்து வருகிறது என்பது அவர் கேள்வி.

விடையின் பாதி அவருடைய கொள்முதல் நோட்டிலேயே இருக்கிறது. ஏற்காட்டுத் தோட்டக்காரர் ஒருவரிடம் கிலோ 600 ரூபாய்க்கு 100 கிலோ மிளகும், அடுத்த வாரம் 660 ரூபாய்க்கு 20 கிலோவும் வாங்கினால், அவருடைய அடக்க விலை 630 அன்று, 610 ரூபாய். அதிகச் சரக்கு எந்த விலைக்கு வந்ததோ, சராசரி அந்தப் பக்கமே சாய்கிறது. இந்தக் கணக்கைச் சந்தை முழுவதற்கும், ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து தொடங்கிப் போட்டால் கிடைப்பதே ஆங்கர்டு விவாப். ஒவ்வொரு நாளின் உச்சம், தாழ்வு, முடிவு ஆகிய மூன்றின் சராசரியை, அன்று கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையான வால்யூமால் பெருக்கி, தொடக்க நாளிலிருந்து கூட்டி, மொத்த வால்யூமால் வகுக்க வேண்டும்.

கற்பனையாக ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். அடிமட்ட நாளில் சராசரி விலை 100 ரூபாய், வால்யூம் 10 லட்சம். மறுநாள் 106 ரூபாய்க்கு 6 லட்சம். மூன்றாம் நாள் 112 ரூபாய்க்கு 4 லட்சம். கோடு 104.20 ரூபாயில் நிற்கிறது. பீதியில் விற்றவர்களின் பங்குகள் பெருமளவில் கைமாறிய முதல் நாளே அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. புதிய ஒரு நாள் கோட்டை எவ்வளவு நகர்த்தும் என்பதை இப்படி எழுதலாம்:

```
நகர்வு = (P − A) × v / (V + v)
```

P என்பது அன்றைய விலை, A என்பது கோடு இருக்கும் இடம், v அன்றைய வால்யூம், V அதுவரை சேர்ந்த வால்யூம். நான்காம் நாள் 110 ரூபாய்க்கு 5 லட்சம் பங்குகள் கைமாறினால், 5.80 ரூபாய் இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கான 1.16 ரூபாய் அளவுக்குக் கோடு உயர்கிறது. சில மாதங்கள் கழித்து 2 கோடி பங்குகள் கணக்கில் சேர்ந்து, கோடு 125 ரூபாயிலும் விலை 140 ரூபாயிலும் இருக்கும்போது அதே 5 லட்சம் பங்குகள் கைமாறினால், 15 ரூபாய் இடைவெளி இருந்தும் கோடு சுமார் 37 காசுதான் நகரும். வயதாக ஆகக் கோட்டுக்கு நிறை கூடுகிறது; அதை அசைக்க இன்னும் பெரிய வால்யூம் தேவைப்படுகிறது. 50 நாள் சராசரியில் பழைய நாள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும்; இதில் அடிமட்ட நாள் ஒருபோதும் உதிர்வதில்லை.

விலை கோட்டுக்கு இறங்கி வரும்போது, அடிமட்டத்துக்குப் பிறகு நடந்த கொள்முதல்களின் சராசரி லாபம் சுழியாகிறது. முன்பு வாங்கத் தவறியவருக்கு அது பிறரின் அடக்க விலையிலேயே வாங்கும் வாய்ப்பு. வாங்கியவருக்கு லாபம் கரைந்தாலும் நட்டம் தொடங்கவில்லை. அங்கே விற்பதற்கான அவசரம் குறையும் என்பதே தாங்குநிலை என்ற கருத்தின் அடிப்படை. ஆனால் காலையில் வாங்கி மாலையில் விற்றவரின் பங்கும் வால்யூமில் சேர்வதால், இது இப்போது பங்கை வைத்திருப்போரின் உண்மையான அடக்க விலை ஆகாது. வால்யூமில் பெரும்பகுதி டெலிவரிக்குப் போகாத பங்குகளில் இந்த இடைவெளி அதிகம். அவற்றில் நான் கோட்டைக் குறைவாகவே நம்புவேன்.

எங்கிருந்து தொடங்குவது என்பதும் எளிய கேள்வி அன்று. 2020 மார்ச் சரிவில் நிஃப்டியின் மிகக் குறைந்த முடிவு மார்ச் 23 அன்று, 7,610 புள்ளிகளில் அமைந்தது. ஆனால் வர்த்தகத்தின் இடையே அது தொட்ட மிகக் கீழான 7,511 மறுநாள்தான் வந்தது. தொடக்க நாள்களில் V சிறியதாக இருப்பதால், ஒரு நாள் மாறினாலும் கோட்டின் ஆரம்பப் பகுதி கண்ணுக்குத் தெரியும்படி மாறும். மாதங்கள் கடந்தால் அந்த வேறுபாடு பெரும்பாலும் தேய்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், அடிமட்டம் அடிமட்டம்தான் என்பது பின்னால்தான் தெரிகிறது என்பது. பல தொடக்க நாள்களைப் போட்டுப் பார்த்து, விலை அழகாகத் திரும்பிய கோட்டை மட்டும் வைத்துக்கொண்டால், அது ராசிக்கல் பார்ப்பதிலிருந்து அதிகம் வேறுபடாது. ‘முன்னும் பின்னும் பத்து நாள்களில் இதைவிடத் தாழ்வு இல்லை’ என்பதுபோல் விதியை முதலில் எழுதி, அந்தப் பத்து நாள்கள் முடிந்த பிறகு வந்த தொடுதல்களை மட்டும், தோற்றவை உட்பட, எண்ண வேண்டும்.

லீ பஜார் வாசகரின் இரண்டு தொடுதல்களில் முதலாவது, அடிமட்டத்துக்கு நான்காம் நாளே நடந்தது. விலையும் கோடும் அப்போது ஒட்டியே இருந்ததால் அதைச் சோதனையாகக் கொள்ள முடியாது. அவர் கையில் இருப்பது ஒரே ஒரு சாட்சி. இனி விலை பெரிய வால்யூமுடன் கோட்டுக்குக் கீழே முடிந்து, மீண்டும் ஏறி வரும்போது அதே கோட்டில் தட்டித் திரும்பினால், சராசரி விலையில் வாங்கியவர்கள் நட்டமின்றி வெளியேறக் காத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அந்த நிலையில் அது தாங்கும் கோடு அன்று, தடுக்கும் கோடு.