கழன்ற புளோயரைக் காதால் கண்டுபிடிப்பது

ஏசியைப் போட்டு ஐந்து நிமிடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அணைத்த பிறகும் ஓரிரு முறை. இதற்குப் பயப்பட வேண்டாம், பிளாஸ்டிக் சுருங்கும் சத்தம்தான் அது. 80 செ.மீ. நீளமுள்ள முகப்பு 15 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 1 மி.மீ. சுருங்கும். உள்ளே இருக்கும் அலுமினியம் அதே குளிருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான் சுருங்கும். ஒன்று இழுக்க, இன்னொன்று நகராமல் நிற்க, நடுவில் மாட்டிக்கொண்ட கொக்கி சட்டென்று வழுக்கும்போது ‘டக்’. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. காற்றின் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது அதற்கேற்ப மாறாது.

கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போது ரிலேயில் வரும் ஒற்றைச் சொடுக்கும், குளிர்வாயு ஓடும் ‘ஸ்ஸ்’ஸும் இயல்பானவையே. விசில் மட்டும் ஒரு சின்ன வேலை வைக்கும். ஃபில்டரில் தூசி அடைத்து, காற்று குறுகலான வழியில் நெருக்கிப் புகும்போது அது வரும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஃபேனை மட்டும் ஓட்டிப் பாருங்கள். விசில் நின்றுவிட்டால் ஃபில்டரைக் கழுவினால் போதும்.

கவனிக்க வேண்டியது புளோயர். காற்றை வெளியே தள்ளும் நீண்ட பிளாஸ்டிக் உருளை அது. ஒரு முனை ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கும். மறுமுனை மோட்டார் ஷாஃப்ட்டில் மாட்டி, ஒரே ஒரு ஸ்க்ரூவால் இறுக்கப்பட்டிருக்கும். ஷாஃப்ட்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஸ்க்ரூவின் நுனி அந்தத் தட்டையில்தான் அழுந்துகிறது. ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்தாலும் ஷாஃப்ட்டுக்கும் புளோயருக்கும் நடுவே ஆட்டம் வந்துவிடும்.

அந்த ஆட்டம் எப்போது சத்தமாகிறது என்பதில்தான் அடையாளம் இருக்கிறது. மோட்டார் கிளம்பும்போது ஷாஃப்ட் முதலில் திரும்பும், கனமான உருளை தாமதிக்கும். இடைவெளியைக் கடந்து ஷாஃப்ட் ஸ்க்ரூவில் மோதும்: ‘டொக்’. ஒரே வேகத்தில் ஓடும்போது ஷாஃப்ட் ஒரு பக்கமாகவே அழுத்திக்கொண்டிருப்பதால் சத்தம் அடங்கிவிடலாம். அணைத்தால் நிலைமை தலைகீழ். இப்போது உருளை சுற்ற விரும்புகிறது, ஷாஃப்ட் பின்தங்குகிறது. மறுபக்கம் மோதி இன்னொரு ‘டொக்’. தொடக்கத்திலும், வேகம் மாறும்போதும், நிற்கும்போதும் வருகிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை.

இன்னும் தளர்ந்தால் உருளை பக்கவாட்டில் நகர்ந்து கூட்டை உரசும். எங்கள் அறை ஏசி அப்படித்தான் ‘கரகர’ என்றது. வேகம் கூட்டினால் நிமிடத்துக்கு 1200 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஒரு உரசல் என்றால் நொடிக்கு 20. காதுக்கு அது ஒரே இரைச்சல்தான், எண்ண முடியாது. அதனால் அணைத்துவிட்டுக் கேட்டேன். உருளை மெதுவாகும்போது இரைச்சல் பிரிந்து ‘டக்டக்டக்... டக்... டக்’ என்று சீராக இடைவெளி நீண்டு நின்றது. சுருங்கும் பிளாஸ்டிக் ஒருபோதும் இப்படித் தாளம் போடாது.

ஒரு குழப்பம் மிச்சம் இருக்கிறது. உருளையின் தகடுகளில் அழுக்கு ஒரு பக்கமாகச் சேர்ந்தாலும் யூனிட் அதிரும். ஆனால் எடைச் சமனின்மையின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். நிமிடத்துக்கு 720 சுற்றிலிருந்து 1200க்குப் போனால் விசை கிட்டத்தட்ட 2.8 மடங்கு. ஆகவே குறைந்த வேகத்தில் அமைதியாகவும் அதிக வேகத்தில் ‘விர்ர்’ என்ற அதிர்வாகவும் இருந்தால், பெரும்பாலும் அழுக்குதான். புளோயரைக் கழுவ வேண்டும். மோதும் சத்தம் இருந்தால் ஸ்க்ரூவைச் சந்தேகியுங்கள்.

உறுதி செய்ய மெயின் சுவிட்சை அணைத்து, உருளை முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள். அப்புறம் காற்று வரும் வாய் வழியாக அதை விரலால் மெல்லத் திருப்புங்கள். மோட்டாரின் பிடிப்பு உடனே கையில் தெரிந்தால் நல்லது. முதலில் கொஞ்சம் வெறுமனே ஆடி, பிறகே பிடித்தால் தளர்ந்திருக்கிறது. இரண்டு முனைகளிலும் உள்ள இடைவெளியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கூட்டை ஒட்டி நிற்கக் கூடாது.

தள்ளிப்போட்டால் ஸ்க்ரூவின் நுனி ஷாஃப்ட்டின் தட்டையைத் தேய்த்து உருட்டையாக்கிவிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. எங்கள் யூனிட்டில் தட்டை தேயவில்லை. மெக்கானிக் மோட்டார் பக்கத் தகடுகளுக்கு நடுவே நீளமான ஸ்க்ரூடிரைவரை விட்டு, உருளையை நடுவுக்குத் தள்ளி, ஸ்க்ரூ தட்டைக்கு நேராக வரும்படி திருப்பி, முக்கால் சுற்று இறுக்கினார். அணைக்கும்போது வந்த சத்தமும் அன்றோடு நின்றது.