மூணு மாசம் படர்தாமரை மருந்து போட்டும் போகாத செம்பழுப்பு படை

ஐம்பது வயசு தாண்டின ஒருத்தர் வந்தாரு, சுகர் இருக்கு, ரெண்டு அக்குள்லயும் தொடை இடுக்குலயும் செம்பழுப்பு கலர்ல படை. படர்தாமரைன்னு சொல்லி மூணு மாசமா டெர்பினாஃபின்ங்கற பூஞ்சை மருந்தை மாத்திரையாவும் க்ரீமாவும் எடுத்திருக்காரு, துளி கூட குறையல. அரிக்குதான்னு கேட்டேன், "பெருசா இல்ல டாக்டர், கலர்தான் போக மாட்டேங்குது"ன்னாரு.

அந்த பதில்லயே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு. படர்தாமரைன்னா அரிப்பு பிடுங்கி எடுக்கும், ஓரம் மட்டும் தடிச்சு சிவந்து வளையம் மாதிரி இருக்கும், நடுவுல ஆறின மாதிரி தெரியும். இவருக்கு அப்படி இல்ல, நடுவும் ஓரமும் ஒரே கலர், தடவிப் பார்த்தா மேடே இல்ல, தோலை லேசா இழுத்தா மெல்லிசா சுருக்கமும் பொடி செதிலும்தான் தெரிஞ்சுது. இதுக்குப் பேர் எரித்ராஸ்மா. பூஞ்சையே இல்ல, கோரினிபாக்டீரியம் மினுடிசிமம்னு ஒரு பாக்டீரியா, நம்ம தோல்ல சாதாரணமாவே இருக்கறதுதான், வியர்வை தேங்குற மடிப்புல பெருகிடும், சுகர் இருந்தா இன்னும் சுலபமா.

இதை உறுதி பண்ண வுட்ஸ் லேம்ப்னு ஒரு புற ஊதா விளக்கு இருக்கு. ரூமை இருட்டாக்கி அடிச்சா படை பவளச் சிவப்பா ஒளிரும், ஏன்னா அந்த பாக்டீரியா போர்ஃபிரின்னு ஒரு பொருளை உண்டாக்கும். ஆனா இவருக்கு அன்னைக்கு ஒண்ணுமே ஒளிரல! செதிலை சுரண்டி எடுத்து, பூஞ்சை இருக்கான்னு தெரிய கேஓஹெச்னு ஒரு கரைசல் போட்டு மைக்ராஸ்கோப்ல பார்த்தேன், பூஞ்சை இழையும் இல்ல. அப்புறம்தான் கேட்டேன், டாக்டர்கிட்ட காட்டப் போறோமேன்னு நல்லா சோப்பு தேச்சு குளிச்சிட்டு வந்திருக்காரு. போர்ஃபிரின் தண்ணில கரையும், குளிச்சா போயிடும். அடுத்த நாள் அந்த இடத்தை கழுவாம வரச் சொன்னேன், விளக்கு போட்டதும் அக்குள், தொடை இடுக்கு எல்லாம் பளிச்னு சிவப்பு. அதனால தயவுசெஞ்சு தோல் காட்ட வரும்போது கூச்சப்பட்டு தேச்சுக் கழுவிட்டு வராதீங்க.

ரெண்டு வாரம், தினம் ரெண்டு வேளை, ஃப்யூசிடிக் ஆசிட் க்ரீம் கொடுத்தேன். இது பாக்டீரியாவுக்கான மருந்து, படை நிறைய இருந்தா எரித்ரோமைசின் மாதிரி மாத்திரையும் தேவைப்படலாம், அதை டாக்டர் முடிவு பண்ணட்டும். க்ளோட்ரிமசோல் மாதிரி சில பூஞ்சை க்ரீம்ல இதுவும் ஓரளவு குறையும், டெர்பினாஃபின்ல எதிர்பார்க்க முடியாது. சிலருக்கு பூஞ்சையும் இதுவும் சேர்ந்தே இருக்கும், அதனால கேஓஹெச் டெஸ்டை நான் விடறதில்ல. ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மட்டும் நீங்களா வாங்கிப் போடாதீங்க, மடிப்புல தோல் மெலிஞ்சு வரி விழுந்துடும்.

ரெண்டு வாரம் கழிச்சு வந்தப்போ செதில் இல்ல, விளக்குலயும் ஒளிரல, லேசா பழுப்பு கறை மட்டும் மிச்சம், அது மெதுவாதான் மங்கும், அதுக்காக க்ரீமை நீட்டிக்க வேணாம்னு சொல்லிட்டேன். செருப்பைக் கழட்டச் சொல்லி கால் விரல் இடுக்குலயும் விளக்கை அடிச்சேன், நாலாவது அஞ்சாவது விரலுக்கு நடுவுல அதே சிவப்பு. அங்க யாருமே அதுவரைக்கும் மருந்து போடல.