மேட் அஸ்திவாரம் கவிழ்த்துப் போட்ட தளமா?

மாடித் தளத்தில் இரு தூண்களுக்கு நடுவே முக்கியக் கம்பி அடியில் வரும். கட்டடத்தின் எல்லாத் தூண்களையும் ஒரே தகடாகத் தாங்கும் மேட் அஸ்திவாரத்தில் அதே இடத்தில் மேலே வரும். மண் கீழிருந்து தள்ளுகிறதே! அப்படியானால் மேட்டைக் கவிழ்த்துப் போட்ட தளமாக நினைத்துக் கணக்குப் போட்டால் போதாதா? போதாது. ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

6 மீட்டர் இடைவெளியில், வரிசைக்கு மூன்றாக 9 தூண்கள். ஓரத்தில் அரை மீட்டர் நீட்டல் விட்டால் மேட் 13 × 13 மீட்டர். இடது வரிசையின் மொத்தச் சுமை 1900 கிலோநியூட்டன், நடுவரிசை 3400, வலது 2300. ஆக 7600.

கணக்கை விறைப்பு முறையில் போடுவோம். மேட் துளியும் வளையாது என்பதே இந்த முறையின் அடிப்படை அனுமானம். வளையாத தகடு அமுங்கலாம், சாயலாம், அவ்வளவுதான். அதனால் அடியிலுள்ள மண் அழுத்தமும் நேர்கோட்டில்தான் மாறும். சராசரி 7600/169, அதாவது 45 கிலோபாஸ்கல். வலப்பக்கம் 400 கிலோநியூட்டன் கூடுதல் என்பதால் மேட்டைச் சாய்க்கும் 2400 கிலோநியூட்டன்-மீட்டர் மொமென்ட் சேர்கிறது. இடது விளிம்பில் அழுத்தம் 38.4, வலது விளிம்பில் 51.5. மண் தாங்கும் அளவுக்குள் இந்த 51.5 இருக்க வேண்டும்.

இனி நடுவரிசைக்கு 6 மீட்டர் அகலத்தில் ஒரு பட்டையை வெட்டியெடுப்போம். அடியில் மண் தருவது 45 × 6 × 13, சுமார் 3508. மேலே தூண்கள் தருவது 3400. பொருந்தவில்லை! தவறு கூட்டலில் இல்லை. பக்கத்துப் பட்டைகளோடு பரிமாறிக்கொள்ளும் வெட்டுவிசையை நாம் கத்தரித்துவிட்டோம். இரண்டின் சராசரியான 3454-க்கு இரு பக்கத்தையும் திருத்துவது வழக்கம். 900, 1600, 900 என்றிருந்த தூண் சுமைகள் 914, 1625, 914 ஆகும். மண்ணின் எதிர்விசை மீட்டருக்கு 265.7 கிலோநியூட்டன்.

ஓரத்திலிருந்து 3.44 மீட்டரில் வெட்டுவிசை பூஜ்யம். அங்கே மேட்டை வளைக்கும் மொமென்ட் 265.7 × 3.44²/2 − 914 × 2.94, அதாவது சுமார் −1116 கிலோநியூட்டன்-மீட்டர். மேல்முகம் இழுபடுகிறது. நடுத்தூணின் அடியிலோ வெறும் 127.

கவிழ்த்த தளக் கணக்கு நடுத்தூணுக்கடியில் ஆயிரத்துக்கு மேல் காட்டியிருக்கும். காரணம், அது தூண் சுமையைத் தானே முடிவு செய்கிறது: நடுத்தூணுக்கு சுமார் 2000 வேண்டும் என்கிறது. கட்டடம் இறக்குவதோ 1625. அந்தக் கணக்கை நம்பினால் கம்பி இடம் மாறிப் போகும்.

விறைப்பு முறைக்கும் எல்லை உண்டு. தூண் இடைவெளி 1.75/β-ஐத் தாண்டக்கூடாது. மேட்டின் விறைப்புக்கும் மண்ணின் விறைப்புக்கும் உள்ள உறவைச் சொல்லும் எண் β. மண்ணின் விறைப்பைச் சொல்லும் சப்கிரேட் மாடுலஸ் கனமீட்டருக்கு 10,000 கிலோநியூட்டன் என்றால், 60 செ.மீ. தடிமனுக்கு எல்லை 6.4 மீட்டர், நம் 6 மீட்டர் நூலிழையில் தப்புகிறது. தடிமன் 40 செ.மீ. ஆனால் எல்லை 4.7 மீட்டர்தான்.

அடுத்தடுத்த தூண்களின் சுமை 20 சதவீதத்துக்கு மேல் வேறுபடக்கூடாது என்றும் நிபந்தனை உண்டு. 900-க்குப் பக்கத்தில் 1600 இருக்கும் நம் மேட் அதில் தேறாது. உண்மையில் அது வளையும். அழுத்தம் தூண்களின் அடியில் குவியும், நடுவே குறையும். அந்த 1116-ஐத் தோராயத் தடிமன் பார்க்க வைத்துக்கொண்டு, கம்பிக் கணக்கை ஸ்பிரிங் மேல் கிடக்கும் தகடாகப் போட வேண்டியதுதான்.