81 வீதத்தில் நின்றுபோன கலியாண வீடியோ

மானிப்பாயிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ரொறொன்ரோவில் நடந்த தங்கையின் கலியாண வீடியோவைப் படம்பிடித்தவர் ஒரு இணைப்பாக அனுப்பியிருக்கிறார், 9.4 ஜிகாபைட். மூன்று இரவாக இறக்குகிறார். பாதிக்கு மேல் வந்தபிறகு கரண்ட் போகிறது, இல்லாவிட்டால் லைன் விட்டுப்போகிறது. திரும்பத் தொடங்கினால் பூச்சியத்திலிருந்து வருகிறது. "நேற்று 81 வீதம் வந்திருந்தது. அவ்வளவும் கணினியில் கிடக்கிறதுதானே, மிச்சத்தை மட்டும் கேட்க ஏலாதா?" என்பது அவரது கேள்வி.

கேட்கலாம். அதற்கான வசதி, இணையத்தில் கோப்புகளைக் கேட்டுவாங்கும் எச்.டி.டி.பி. விதிகளுக்குள் 1990களின் கடைசியிலிருந்தே இருக்கிறது. எந்தக் குறிப்பேடும் தேவைப்படாத வசதி அது. கோப்பு என்பது வரிசையாக நிற்கும் பைட்டுகள். அவற்றுக்கு இலக்கம் 0 இலிருந்து தொடங்குகிறது. உங்களிடம் 7,624,192,000 பைட் இருந்தால் அவற்றின் இலக்கங்கள் 0 முதல் 7,624,191,999 வரை. அப்படியானால் அடுத்து வேண்டிய பைட்டின் இலக்கம் 7,624,192,000. அரைகுறைக் கோப்பின் நீளமே அடையாளத் தாளாகவும் இருக்கிறது. உங்கள் கணினி, கோப்பு இருக்கும் வழங்கிக்கு `Range: bytes=7624192000-` என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினால் போதும். வழங்கிக்கு அது விளங்கினால் 206 என்ற இலக்கத்தோடு மிச்சத்தை மட்டும் அனுப்பும். விளங்காவிட்டால் 200 என்று சொல்லி முழுக்கோப்பையும் முதலிலிருந்து அனுப்பும்.

உங்கள் வழங்கி எந்த வகை என்று அறிய, `curl` என்ற தரவிறக்கக் கட்டளையால் ஒரேயொரு பைட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.

```
curl -sL -r 0-0 -D - -o /dev/null "இணைப்பு"
```

விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, `/dev/null` என்ற இடத்தில் `NUL` என்று எழுதுங்கள். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து `curl` கூடவே வருகிறது. அன்ட்ரொயிட் போனில் டெர்மக்ஸ் என்ற கட்டளைச் செயலி போதும். பதில் இப்படி வரவேண்டும்:

```
HTTP/1.1 206 Partial Content
Content-Range: bytes 0-0/9412583904
Last-Modified: Thu, 25 Jul 2024 06:42:08 GMT
ETag: "66a1f3c0-23108a1e0"
```

சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது கோப்பின் முழு நீளம். அது நீங்கள் எதிர்பார்த்த அளவாக இல்லாமல் சில ஆயிரம் மட்டும் இருந்தால், நீங்கள் பிரதி எடுத்தது வீடியோவின் இணைப்பு அல்ல, அதைக் காட்டும் பக்கத்தின் இணைப்பு. தலைவரிகளில் 206 வராமல் 200 வந்தால் கட்டளையை Ctrl+C கொடுத்து உடனே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரு பைட் கேட்ட இடத்தில் ஒன்பது ஜிகாபைட்டும் வந்து டேட்டாவைத் தின்றுவிடும்.

இனிக் கடைசி இரண்டு வரிகளுக்கு வருவோம். இந்த ஏற்பாட்டின் அழகு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் நேற்று 81 வீதம் எடுத்தீர்கள். இன்று காலை, மணமகனின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைப் படம்பிடித்தவர் திருத்தி, அதே பெயரில் வீடியோவைத் திரும்ப ஏற்றிவிட்டார் என்று வையுங்கள். இப்போது மிச்சத்தைக் கேட்டால், பழைய வீடியோவின் தலையில் புதிய வீடியோவின் வால் ஒட்டும். நீளத்தைப் பார்த்தால் சரிபோலவே தெரியும். ஆனால் எம்பி4 கோப்புக்குள், எந்தச் சட்டகம் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. `moov` என்று அதற்குப் பெயர். அது கோப்பின் முன்னால் இருந்தால் படம் ஒட்டு வரை ஒழுங்காக ஓடி, அதன்பின் பச்சையும் சாம்பலுமாகக் கட்டம் கட்டமாக உடையும். பின்னால் இருந்தால் புதிய அட்டவணை பழைய பைட்டுகளைச் சுட்டும், ஆரம்பமே குழம்பிவிடும். தாலி கட்டும் நேரத்தில் படம் உடைந்தால் குற்றம் வீடியோக்காரர் தலையில் விழும். பிழை அவருடையதல்ல.

இதைத் தடுப்பது `ETag`. ஒரு கோப்பின் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு வழங்கி கொடுக்கும் அடையாளம் அது. மேலே உள்ளதைப் போன்ற அடையாளத்தை என்ஜின்எக்ஸ் வழங்கிகள் தரும். கோட்டுக்குப் பின்னாலுள்ள `23108a1e0` என்பதைப் பதினாறடி எண்ணாக எடுத்துச் சாதாரண எண்ணுக்கு மாற்றிப் பாருங்கள்; 9,412,583,904 வரும். கோப்பின் நீளமேதான். முன்னாலுள்ள `66a1f3c0` கோப்பு கடைசியாக மாறிய நேரம். 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளில் எண்ணியது. அதைப் பிரித்தால் 2024 யூலை 25, கிரினிச் நேரம் 06:42:08 வரும். `Last-Modified` வரியும் அதையேதான் சொல்கிறது. கோப்பு மாறினால் நேரம் மாறும், நேரம் மாறினால் அடையாளம் மாறும். மற்ற வகை வழங்கிகள் வேறு விதமாக அடையாளம் கட்டலாம், வேலை ஒன்றுதான்.

இந்த அடையாளத்தை `If-Range` என்ற வரியில் வைத்துக் கேட்கலாம். அதன் பொருள் இதுதான்: "நான் முதற்பாதி எடுத்த அதே பதிப்பு இன்னும் இருந்தால் மிச்சத்தைத் தா, மாறியிருந்தால் முழுவதையும் தா." இரண்டு கேள்வியும் ஒரே மூச்சில் போகின்றன. முதலில் மாறியதா என்று கேட்டுவிட்டுப் பிறகு மிச்சத்தைக் கேட்டால், அந்த இடைவெளிக்குள்ளேயே கோப்பு மாறிவிடக்கூடும். முடிவை வழங்கியின் கையில் விட்டதால் அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது. இவ்வளவு சிறிய வரியில் இவ்வளவு கவனமாக யோசித்திருக்கிறார்கள்.

உலாவி பூச்சியத்துக்குப் போவதற்கும் பெரும்பாலும் இங்கேதான் காரணம் கிடக்கிறது. வழங்கி `ETag`, `Last-Modified` ஆகிய இரண்டில் எதையும் தராவிட்டால், தன்னிடம் உள்ள பாதி எந்தப் பதிப்பினுடையது என்று உலாவிக்குத் தெரியாது. நம்ப முடியாததை எறிந்துவிடும். நீங்கள் "தொடர்க" என்பதை அழுத்தாமல் இணைப்பையே மறுபடி சொடுக்கினாலும் அது புதிய தரவிறக்கம்தான்.

ஆகவே எறியமுன் காப்பாற்றுங்கள். தரவிறக்கக் கோப்புறையில் `.crdownload` அல்லது `.part` என்று முடியும் கோப்பு இருக்கும். அதைப் பிரதி எடுத்து `kalyanam.mp4` என்று பெயர் மாற்றுங்கள். ஒரே தொடுப்பில் வரிசையாக இறங்கிய கோப்புக்கே இது பொருந்தும். எட்டு, பதினாறு தொடுப்பில் இழுக்கும் வேகமூட்டி மென்பொருள்கள் முழு நீளத்தையும் முதலே ஒதுக்கி நடுநடுவே நிரப்பும். அங்கே நீளத்தை அடையாளமாக எடுக்கமுடியாது, அந்த மென்பொருளாலேயேதான் தொடரவேண்டும். ஆட்டங்காணும் வீட்டு லைனில் அவற்றை நான் விரும்புவதில்லை. அறும்போது பதினாறும் சேர்ந்தே அறும்.

தொடரமுன் ஒரு வேலை உண்டு. கரண்ட் போனபோது அணைந்தது றவுட்டர் மட்டுமா, கணினியுமா? மடிக்கணினி பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தால் கவலையில்லை. மேசைக்கணினியும் சேர்ந்து அணைந்திருந்தால் கோப்பின் வாலை நம்பவேண்டாம். வந்த பைட்டுகள் உடனே வன்தட்டுக்குப் போவதில்லை. நினைவகத்தில் கொஞ்சநேரம் காத்திருக்கும். லினக்ஸில் அது வழமையாக 30 விநாடியளவு. கோப்பின் நீளம் தட்டில் பதிந்து, உள்ளடக்கம் பதியாமல் போனால், வால்பகுதி வெறும் பூச்சியங்களாக இருக்கலாம். செக்கனுக்கு ஒரு மெகாபைட் வரும் லைனில் 30 விநாடி என்றால் 30 மெகாபைட். தாராளமாக 64ஐ வெட்டிவிடுங்கள்:

```
truncate -s -64M kalyanam.mp4
```

விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு `fsutil file seteof kalyanam.mp4 7557083136`. நம் கோப்பின் நீளத்திலிருந்து 67,108,864ஐக் கழித்தால் வரும் எண் அது. வெட்டியதைத் திரும்ப எடுக்க ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் செல்லும், அவ்வளவே.

இனித் தொடரலாம்.

```
until curl -f -L -C - -H 'If-Range: "66a1f3c0-23108a1e0"' \
  --speed-limit 1000 --speed-time 30 \
  -o kalyanam.mp4 "இணைப்பு"
do
  case $? in 22|33) break;; esac
  sleep 15
done
```

`-C -` என்பது கோப்பின் நீளத்தைத் தானே பார்த்து அங்கிருந்து தொடங்கச் சொல்கிறது. விண்டோஸில் இந்தச் சுற்று ஓடாது. `curl` பகுதியை மட்டும் ஒரே வரியில் எழுதி, அறும்போதெல்லாம் மேலம்புக்குறியை அழுத்தி மறுபடி ஓட்டவேண்டும். அங்கே மேற்கோள்குறிகள் சிக்கல் தருவதால் அடையாளத்துக்குப் பதில் திகதியைக் கொடுங்கள்: `-H "If-Range: Thu, 25 Jul 2024 06:42:08 GMT"`. அடையாளம் `W/` என்று தொடங்கினாலும் திகதிதான்; அந்த வகை அடையாளத்தை `If-Range` ஏற்காது.

`--speed-limit` என்ற வேக எல்லை ஏன் என்று கேட்கலாம். றவுட்டர் அணைந்து எரியும்போது தொடுப்பு அறுந்த செய்தி உங்கள் கணினிக்கு வருவதில்லை. இறக்குபவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார். அனுப்ப எதுவும் இல்லாததால் மறுமுனை போய்விட்டதை உடனே உணர வழியில்லை. நெடுநேரம் 0 என்று காட்டிக்கொண்டே இருக்கக்கூடும். 30 விநாடிக்குச் செக்கனுக்கு 1000 பைட்டுக்குக் கீழே போனால் விட்டுவிட்டு மறுபடி தொடுக்கச் சொல்கிறோம். இரவு நேர டேட்டா உள்ளவர்களுக்கு இந்த ஒரு வரி ஒரு இரவை மிச்சம்பிடிக்கக்கூடும்.

சுற்று நின்றுபோனால் பிழை இலக்கத்தைப் பாருங்கள். 33 என்றால் வழங்கி மிச்சத்தைத் தர மறுத்துவிட்டது: ஒன்றில் வசதி இல்லை, அல்லது கோப்பு மாறிவிட்டது. `curl` அப்போது எதையும் ஒட்டாது. பழைய பாதி அப்படியே இருக்கும். முதலிற் சொன்ன ஒரு பைட் சோதனையைச் செய்தால் எது என்று தெரிந்துவிடும். 22 வந்து திரையில் 403 என்று இருந்தால் இணைப்புக் காலாவதியாகிவிட்டது, அல்லது றவுட்டர் திரும்ப எரிந்தபோது உங்கள் ஐ.பி. முகவரி மாறிவிட்டது, சில தளங்கள் முகவரியோடு இணைப்பைக் கட்டிவைக்கும். புதிய இணைப்பு வாங்குங்கள். முழு நீளமும் `ETag`உம் முன்னையதோடு ஒத்தால் அதே கோப்பில் தொடரலாம். சில மணித்தியாலத்தில் செத்துப்போகும் இணைப்பில் ஒன்பது ஜிகாபைட்டை வைப்பது மெதுவான லைன் உள்ளவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு தரமும் சரியாக 4,294,967,295 பைட்டில் நின்றால் லைனில் பிழையில்லை. நீங்கள் இறக்குவது ஃபாட்32 பென்ட்ரைவுக்குள், அதில் ஒரு கோப்பு அதற்குமேல் வளராது.

முடிந்தபின் நீளத்தை ஒப்பிடுங்கள். அனுப்பியவரிடம் கோப்பின் கைரேகை போன்ற `sha256sum` எண்ணைத் தரச்சொல்லிக் கேட்டு, உங்களுடையதோடு ஒப்பிடமுடிந்தால் அதுதான் முழுமையான சோதனை. இல்லாவிட்டால் `ffmpeg` என்ற வீடியோ மென்பொருளால் பாருங்கள்:

```
ffmpeg -v error -i kalyanam.mp4 -f null -
```

வீடியோ முழுவதையும் உள்ளுக்குள் ஓட்டிப் பார்ப்பதால் நேரமெடுக்கும். எதையும் எழுதாமல் முடிந்தால் பெரும்பாலும் கோப்பு நல்லது. பிழைகள் வந்தால் அதே இடத்தைப் படத்தில் போட்டுப் பாருங்கள். ஒட்டு விழுந்த 81ஆம் வீதத்துக்குக் கிட்டவென்றால் வெட்டியது போதவில்லை. கோப்பை 7,000,000,000 பைட்டுக்குச் சுருக்கிவிட்டு அதே கட்டளையைத் திரும்ப ஓட்டுங்கள். முன்னாலுள்ள ஏழு ஜிகாபைட்டையும் மறுபடி இறக்கவேண்டியதில்லை.