பாக்கெட்டுக்குள் பழுப்பேறிய கொத்துக்கறி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டு மணி இருக்கும். பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் எவர்சில்வர் தூக்கோடு வாசலில் நின்றார். பின்னாலேயே அவர் கணவர், பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு. கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சார், நேத்து சாயங்காலம் கும்பகோணத்துல வாங்கின கைமா. மேல நல்லா செவப்பா இருந்துச்சு. இப்பப் பிரிச்சா உள்ள பூரா மண்ணு கலர். அத்தை கொட்டச் சொல்றாங்க."

நான் கால்நடை மருத்துவர். பணியில் இருந்தபோது பல ஆண்டுகள் ஆட்டுத்தொட்டியில் இறைச்சிக்கு முத்திரை போட்டிருக்கிறேன். அதனால் தெருவில் யாருக்குக் கறியில் சந்தேகம் வந்தாலும் தூக்கு என் வாசலுக்கு வந்துவிடும். அன்று வந்தது அரைக் கிலோ ஆட்டுக்கறிக் கைமா. மேல் பக்கம் கால் அங்குலத்துக்கு நல்ல சிவப்பு. விரலால் பிளந்தால் உள்ளே சாம்பலும் பழுப்புமாக, ஆறிப்போன டீத்தூள் நிறம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் நாவல்பழச் சாயல்.

இந்த மூன்று நிறமும் ஒரே பொருளின் மூன்று நிலைகள்தான். தசையில் மயோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. கறிக்கு நிறம் தருவது பெரும்பாலும் அதுவே. (சிவப்பு நிறம் ரத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆடு அறுத்தபோதே ரத்தத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும்.) காற்றே படாத இடத்தில் மயோகுளோபின் கருஞ்சிவப்பாக, ஊதா கலந்து இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் நமக்குப் பழக்கமான சிவப்பாகும். ஆக்சிஜன் கொஞ்சமாக, அரைகுறையாகக் கிடைக்கும் இடத்தில்தான் பழுப்பு சீக்கிரம் ஏறும்.

முழுத் துண்டில் அந்தப் பழுப்பு, மேற்சிவப்புக்குக் கீழே மெல்லிய கோடாக மறைந்து கிடக்கும். கொத்துக்கறியில் அப்படியில்லை. மெஷினில் அரைபடும்போதே காற்றும் உள்ளே கலந்துவிடுகிறது. பாக்கெட்டில் அழுத்தி மூடிய பிறகு மேலிருந்து புதுக் காற்று சில மில்லிமீட்டர்தான் இறங்கும். உள்ளே மாட்டிக்கொண்ட கொஞ்சம் ஆக்சிஜனை இறைச்சியே இழுத்துச் செலவழிக்கிறது. அது குறைந்துகொண்டே போகும் அந்த இடைவேளையில் உள்பக்கம் முழுக்கப் பழுப்பாகிறது. ஆக, நிறம் சொல்வது ஆக்சிஜனின் கதை. கிருமி எத்தனை என்று அதனால் சொல்ல முடியாது.

நம் பக்கத்தில் இந்தப் பயம் புதுசாக இருப்பதற்கும் காரணம் உண்டு. விடியற்காலையில் ஆடு அறுத்து, ஏழு மணிக்குள் பாய் கடையில் கட்டையில் வைத்துக் கொத்தி, தேக்கு இலையில் மடித்துக் கொடுத்தால் பத்து மணிக்கு அது குழம்பில் இருக்கும். பழுப்பேற நேரமே கிடையாது. (தேக்கு இலையைக் கசக்கினால் அதுவே சிவப்புச் சாயம் விடும். சில சமயம் அந்தச் சிவப்பையும் கறியின் கணக்கில் சேர்த்துப் பாராட்டியிருக்கிறோம்.) இப்போது தட்டில் வைத்து பிளாஸ்டிக் தாள் சுற்றிய பாக்கெட் வந்திருக்கிறது. அது கடையில் சில மணி நேரம், வீட்டில் ஓர் இரவு என்று காத்திருக்கிறது. அந்த நேரத்தில் நடப்பதை நாம் முன்பு பார்த்ததில்லை.

நிறத்தை ஓரமாக வைத்துவிட்டு அவரிடம் நான் கேட்டது மூன்று கேள்விகள். பேக் செய்த தேதி என்ன? நேற்றைய தேதி, காலை. கடையிலிருந்து வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் போக எவ்வளவு நேரம்? பாபநாசம் வழியாக வந்ததில் முக்கால் மணி நேரம். இரவு கரண்ட் போனதா? இல்லை. இந்த மூன்றும் சரியாக இருந்தன. கொத்துக்கறிக்கு ஃப்ரிட்ஜில், அதுவும் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஒன்றிலிருந்து இரண்டு நாள்தான் கணக்கு. முழுத் துண்டாக இருந்தால் மூன்றிலிருந்து ஐந்து நாள் தாங்கும். துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும்; அரைக்கும்போது அந்த மேற்பரப்பு உள்ளே மடிந்து கறி முழுக்கப் பரவிவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்து மூக்கும் விரலும். பிளந்த உடனே நடுவில் முகர்ந்தேன். மூடி வைத்த பாக்கெட்டில் முதல் நொடியில் ஒரு அடைபட்ட வாடை வரும். அது ஒரு நிமிடத்தில் கலைந்துவிடும். புளிப்பும் அழுகல் நெடியும் கலையாது. அன்று வெறும் பச்சைக்கறி வாசம்தான் இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிரித்தால் நூல் இழுக்கவில்லை, கொழகொழப்பு இல்லை. ஒரு கிராமில் கிருமி ஏறக்குறைய ஒரு கோடியை எட்டும்போதுதான் கெட்ட வாடை நம் மூக்குக்கு எட்டுகிறது. பத்துக் கோடியை நெருங்கும்போது கை வழுக்குகிறது. வாடையோ வழுக்கலோ வந்துவிட்டால் அதன் பிறகு எவ்வளவு வேக வைத்தாலும் அந்தக் கறியை மீட்க முடியாது. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.

பாதிக் கைமாவை அவர் வீட்டுத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மூடாமல் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னேன். நாவல்பழ நிறத்தில் இருந்த பகுதி நன்றாகச் சிவந்தது. பழுப்பில் கொஞ்சம் தெளிந்தது, மிச்சம் அப்படியே நின்றது. சிவந்தால் நல்லது, அந்த இறைச்சிக்கு இன்னும் உயிர்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். சிவக்காததை மட்டும் வைத்துக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பழுப்பை மறுபடி மாற்றும் சக்தி இறைச்சிக்குள் நாள் ஆக ஆகத் தீர்ந்துபோகிறது, அவ்வளவே. அதனால் உள்ளே மட்டும் பழுப்பு என்றால் நான் பதற மாட்டேன். உள்ளும் புறமும், ஓரமும் நடுவும் ஒரே பழுப்பாக இருந்தால் கறி பழசோ என்ற சந்தேகத்தோடு தேதியையும் வாடையையும் இன்னும் கடுமையாகப் பார்ப்பேன். பச்சைச் சாயல் தெரிந்தாலோ, சாதாரண பாக்கெட் உப்பியிருந்தாலோ யோசிக்கவே வேண்டாம், குப்பைக்குத்தான்.

கணவர் பைக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அப்ப செவப்பா இருக்கறதுதான் நல்லதுன்னு இல்லையா சார்?" என்றார். நல்ல கேள்வி.

பணியில் இருந்தபோது டெல்டாவின் ஒரு ஊரில் கறிக்கடைக்குள் போனேன். காலை பதினொரு மணி. தட்டில் கைமா ரத்தச் சிவப்பாக, பளபளவென்று குவிந்திருந்தது. வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் அந்தக் கடைக்கு வருகிறார்கள் என்றார் கடைப் பையன், பெருமையாக. மெஷினின் முன் வளையத்தைக் கழற்றச் சொன்னேன். துளைத் தட்டுக்குப் பின்னால், கத்தியைச் சுற்றி, முந்தைய நாள் கறி மிச்சம் விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. பழுப்பு, பிசுபிசுப்பு, புளித்த மாவு வாடை. அன்றைய கைமா ஒவ்வொரு கிலோவும் அந்த மிச்சத்தைக் கழுவிக்கொண்டுதான் வெளியே வந்திருக்கிறது. ஆனாலும் தட்டில் சிவப்பு! புதிதாக அரைத்த எந்தக் கறியும் காற்றுப் பட்டதும் சிவக்கும். நேற்றைய ஓரத் துண்டுகளைச் சேர்த்து அரைத்தாலும் சில மணி நேரம் சிவப்பாகவே தெரியும். வயிற்றுக்கு ஆபத்தான சால்மோனெல்லா, சில வகை ஈகோலை போன்றவை நிறத்தையும் மாற்றாது, வாடையும் காட்டாது. அதனால் கைமா வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, துண்டைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்து, கழுவிய மெஷினில் அரைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அன்றைய முதல் ஆளாகப் போங்கள். கட்டையும் கத்தியும் சுத்தமாக இருந்தால் கொத்திக் கொடுப்பதும் தேவலை.

ஃப்ரிட்ஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதவைத் திறக்காமல் வைத்தால் கரண்ட் போன பிறகு சுமார் நான்கு மணி நேரம்தான் குளிர் நிற்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. திரும்ப வந்ததும் ஃப்ரீசரில் மறுபடி கல்லாக உறைந்த கறியைப் பார்த்து "நல்லாத்தான இருக்கு" என்று எடுத்துச் சமைத்தவர்களை எனக்குத் தெரியும். நடுவில் உருகிக் கிடந்த நேரத்தை அந்தக் கட்டி காட்டிக்கொடுக்காது. நான் ஃப்ரீசரில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு நாணயம் வைத்திருக்கிறேன். நாணயம் அடியில் போயிருந்தால் கறி குப்பைக்குப் போகும்.

அந்தப் பெண்ணிடம், இன்றே சமைத்துவிடுங்கள், நாளைக்கு வைக்க வேண்டாம் என்றேன். "கோலா உருண்டை போடலாம்னு இருந்தேன்" என்றார். அங்கேதான் நிறம் இன்னொரு முறை ஏமாற்றும். சிவந்த கைமா சூட்டில் சாம்பல் நிறமாக மாறுவதை வைத்து வெந்ததா என்று பார்ப்பது நம் வழக்கம். ஏற்கெனவே பழுப்பேறிய கைமாவில் இந்தக் கணக்கு செல்லாது. 55 டிகிரியிலேயே உள்ளே முழுக்க வெந்த மாதிரி தெரியும். கிருமி சாக 71 டிகிரி வேண்டும். பச்சைக் கைமாவை அப்படியே பொட்டுக்கடலை மாவோடு பிசைந்து உருட்டும் வீடுகளில் இது நிஜமான ஆபத்து.

என்னிடம் ஒரு குத்தூசித் தெர்மாமீட்டர் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அவர் அடுப்படிக்கே போனேன். முதல் ஈடு, பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டைகள். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தது. இரண்டு நிமிடத்தில் வெளியே பொன்னிறம். ஒன்றைப் பிட்டுப் பார்த்த மாமியார், "வெந்துடுச்சுப்பா" என்றார். பார்வைக்கு வெந்துதான் இருந்தது. இன்னொன்றின் நடுவில் ஊசியைக் குத்தினேன். 58.

அடுப்பைக் குறைத்து, அடுத்த ஈட்டைச் சின்ன எலுமிச்சையின் பாதி அளவுக்கு உருட்டச் சொன்னேன். நாலு நிமிடம் கழித்து நடுவில் 76 காட்டியது. முதல் ஈட்டையும் திரும்ப எண்ணெயில் போட்டார்கள். மாமியார் மட்டும், பிட்ட அந்த உருண்டையின் இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புது ஈட்டு உருண்டை ஒன்றையும் பிட்டு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே நிறம்.