மேல் எல்லையில் ஏன் 50 எழுதுகிறீர்கள்?

தண்டையார்பேட்டையில் ஞாயிறுதோறும் நான் நடத்தும் வகுப்புக்கு, இந்த மாதம் மூன்றாவது முறையாக அதே பிழை வந்திருக்கிறது. ஆப்ஷன் விலை கணக்கிட ஒரு மாணவர் எழுதிய நிரல். பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டைக் கட்டமாகப் பிரித்து, கிராங்க்-நிக்கல்சன் முறையில் தீர்க்கிறது. ஸ்டிரைக் விலை 100 ரூபாய், வட்டி 6 சதவீதம், காலம் ஓராண்டு, ஏற்ற இறக்கம் 20 சதவீதம், ஈவுத்தொகை இல்லை. கட்டம் 150 ரூபாயில் முடிகிறது.

கால் ஆப்ஷனின் டெல்டா மேல் விளிம்பருகே 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இவருக்கோ அங்கே சரிந்துகொண்டே போகிறது. "புள்ளிகளை 100-லிருந்து 400 ஆக்கினேன் சார், அப்படியும் சரியாகவில்லை" என்றார். ஆகாது! கட்டத்தை நுணுக்கினால், நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்கின் விடைதான் துல்லியமாகும். எழுதிக்கொடுத்த கணக்கே தவறு என்றால், தவறான விடைதான் இன்னும் துல்லியமாக வரும்.

குற்றம் இந்த வரியில் இருந்தது:

```
V[M] = Smax - K
```

முதிர்வு நாளில் பங்கு விலை ஸ்டிரைக்குக்கு மேல் இருந்தால், கால் ஆப்ஷன் தருவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அது கட்டத்தின் முதிர்வுநாள் விளிம்புக்கு மட்டும் உரியது. மேல் விளிம்பு வேறு. அங்கே முதிர்வுக்கு முந்தைய ஒவ்வொரு நாளின் விலையும் வேண்டும். 100 ரூபாயை நீங்கள் இன்று கட்டவில்லை, ஓராண்டு கழித்துத்தான் கட்டப்போகிறீர்கள். அந்த 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 94.18. ஆகவே விளிம்பில் 50 அல்ல, 55.82 வர வேண்டும். ஆறு மாதம் மீதமிருக்கையில் 52.96. மீதமுள்ள காலத்தோடு சேர்ந்து மாறும் எண் அது:

```
V[M] = Smax - K*exp(-r*tau)
```

விளிம்பில் விழுந்த அந்த 5.82 ரூபாய் ஓட்டை அங்கேயே நிற்பதில்லை. ஒவ்வொரு காலப்படியிலும் உள்நோக்கிக் கசிகிறது. 100 ரூபாய் அருகே சில காசுகள்தான் தவறும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை; 140 ரூபாய்க்குப் போனால்தான் குட்டு வெளிப்படும்.

தயவுசெய்து இரண்டு சோதனைகளைச் செய்துவிட்டு என்னிடம் வாருங்கள். புள்ளி இடைவெளியை மாற்றாமல் மேல் எல்லையை 150-லிருந்து 300-க்கு நகர்த்துங்கள். நடுவில் உள்ள விலைகள் அசைந்தால் எல்லையைச் சந்தேகியுங்கள். பிறகு அதே கட்டத்தில் புட் ஆப்ஷனையும் கணக்கிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் கால் விலையிலிருந்து புட் விலையைக் கழியுங்கள். `S - K*exp(-r*tau)` வர வேண்டும். இந்த மாணவரின் 150-ம் புள்ளியில் 50 வந்தது. பார்த்தவுடன் அவருக்கே புரிந்துவிட்டது.

புட்டுக்கு இதே தவறு கீழ் விளிம்பில் நேரும். பங்கு விலை 0 ஆகும்போது, ஓராண்டு மீதமுள்ள ஐரோப்பிய வகைப் புட்டின் மதிப்பு 94.18, 100 அல்ல. எந்த நாளும் பயன்படுத்திப் பணம் பெறக்கூடிய அமெரிக்க வகைக்கு மட்டும் அங்கே 100 எழுதுங்கள்.