எபிடிடைமிஸ்: விந்தக மேற்சுருள் குழல்

சென்னையில் குழந்தையின்மை சிகிச்சை மையம் எதற்குப் போனாலும் 'எபிடிடைமிஸ்' என்ற சொல் காதில் விழும். விந்தகத்தை ஒட்டியிருக்கும், விந்தணு முதிரும் குழல் அது. கிரேக்கத்தில் 'எபி' என்றால் மேல், 'டிடிமோஸ்' என்றால் இரட்டை. இரண்டாக இருப்பதால் விந்தகங்களையே கிரேக்க மருத்துவர்கள் 'இரட்டையர்' என்றார்கள். ஆக, 'இரட்டையரின் மேல் இருப்பது' என்பதே சொல்லின் பொருள். உறுப்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிறதே தவிர, என்ன செய்கிறது என்று சொல்வதில்லை. தமிழில் விந்தக மேற்சுருள் குழல் என்பது பொருத்தமானது. இடத்தோடு சுருண்டிருக்கும் வடிவமும் அதில் வந்துவிடுகிறது. இதன் தொடர்ச்சியான 'டக்டஸ் டிஃபரன்ஸ்' லத்தீன் சொல், 'கொண்டு செல்லும் குழாய்' என்று பொருள். தமிழில் விந்து நாளம். மருத்துவமனைப் பேச்சில் 'வாஸ்'.

விந்தகத்தின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் மேற்சுருள் குழல் ஏறத்தாழ 5 செ.மீ. நீளம்தான். உள்ளே சுருண்டிருக்கும் ஒற்றைக் குழாயை நீட்டினால் 6 மீட்டர் அளவுக்கு வரும். விந்தகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு சிறு நாளங்கள் தலைப்பகுதிக்கு வந்து, அந்த ஒற்றைக் குழாயில் சேர்கின்றன. பிறகு உடல், வால் என்று கீழிறங்கி, வாலிலிருந்து விந்து நாளம் மேலே ஏறுகிறது.

நுண்ணோக்கியில் எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்று கண்டுபிடிப்பதில்தான் மாணவர்கள் தடுமாறுவார்கள். உள்விளிம்பைப் பார்த்தாலே போதும். அது மேடும் பள்ளமுமாக, உயரமான செல்களும் குட்டையான செல்களும் கலந்து இருந்தால், அது விந்தகத்திலிருந்து வரும் சிறு நாளம். விந்தகத்திலிருந்து வரும் திரவத்தின் பெரும்பகுதி இங்கேயே உறிஞ்சப்படுகிறது. விளிம்பு வழவழப்பாக வட்டமாக, செல்களின் உச்சியில் நீண்ட இழைகள் குஞ்சம் போல் நின்றால், அது மேற்சுருள் குழல். அந்த இழைகளுக்கு 'ஸ்டீரியோசிலியா' என்று பெயர். பெயரில் அசையும் இழையைக் குறிக்கும் சிலியா இருந்தாலும் அவை அசைவதில்லை. உறிஞ்சும் பரப்பைக் கூட்டும் நீண்ட நுண்விரல்கள், அவ்வளவுதான். விந்தணுவைத் தள்ளுவது சுவரிலுள்ள தசை. தலையில் மெல்லிய ஒரே அடுக்காக இருக்கும் தசை, வாலை நெருங்க நெருங்கத் தடிக்கிறது. விந்து நாளத்தில் உள்ளும் வெளியும் நீளவாக்கு, நடுவில் வட்டம் என மூன்று அடுக்குகள். நடுத்துளை மிகக் குறுகலாக, நட்சத்திரம் போல் மடிந்திருக்கும். விதைப்பையின் மேல்பகுதியைத் தடவினால் கெட்டிக் கயிறு போல் விரலில் உருள்வது இதுதான்.

விந்தகத்தை விட்டுப் புறப்படும்போது விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது. இந்தக் குழாயைக் கடக்கும் நாட்களில், குழாயின் செல்கள் சுரக்கும் புரதங்கள் அதன் மேற்பரப்பில் படிகின்றன. விந்தணுவின் தலையிலுள்ள மரபுப்பொருள் இறுக்கமாகக் கட்டப்படுகிறது. கழுத்தில் ஒட்டியிருக்கும் சைட்டோபிளாசத் துளி வால் வழியே நகர்ந்து கழிகிறது. முன்னோக்கி நீந்தும் திறனும் அப்போதுதான் வருகிறது. முதிர்ந்தவை குழலின் வால்பகுதியில் சேமிப்பாகத் தங்கி, விந்து வெளிப்படும் நேரத்தில் பரிவு நரம்புகளின் தூண்டலால் தசை சுருங்க வெளியேறுகின்றன. ஆனாலும் கருமுட்டையைத் துளைக்கும் தகுதி பெண்ணின் இனப்பெருக்கப் பாதைக்குள் போன பிறகே முழுமையடையும்.

இந்தக் கட்டமைப்பு எங்கே உதவும் என்பதற்கு குழந்தையின்மைக்காக வந்த ஒருவரின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். விந்து அளவு 0.8 மி.லி., பி.ஹெச். 6.8, ஃப்ரக்டோஸ் சர்க்கரை இல்லை, விந்தணு ஒன்றுகூட இல்லை. விந்தகங்கள் இயல்பான பருமனில் உள்ளன, விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். அளவும் சரி. உற்பத்தியில் கோளாறு என்றால் பெரும்பாலும் விந்தகம் சிறுத்து, எஃப்.எஸ்.ஹெச். ஏறியிருக்கும். இங்கே உற்பத்தி நடக்கிறது, வழிதான் இல்லை. விந்தில் காரத்தன்மையும் ஃப்ரக்டோஸும் சேர்ப்பது விந்துப்பை. அதுவும் இல்லாததால்தான் அளவு குறைந்து, அமிலத்தன்மை கூடியிருக்கிறது. மருத்துவர் தடவிப் பார்த்தால் அந்தக் கயிறு இருபுறமும் விரலில் படாது: பிறவியிலேயே விந்து நாளம் இல்லை. பெரும்பாலும் இதன் பின்னால் சி.எஃப்.டி.ஆர். மரபணுவின் மாற்றம் இருக்கும். இவருக்கு மாத்திரை தந்து எண்ணிக்கை கூட்ட முயல்வது வீண்.

மேற்சுருள் குழலின் தலைப்பகுதி பொதுவாக இவர்களுக்கும் இருக்கும். அதில் ஊசி விட்டு விந்தணுவை உறிஞ்சி எடுப்பதே 'பெசா'. அடைப்புள்ளவர்களிடம் வழக்கம் தலைகீழாகிவிடுகிறது: வால்பக்கம் தேங்கியவை முதுமையடைந்து சிதைந்திருக்க, தலைப்பக்கத்தில் எடுப்பவையே நன்றாக அசையும். எப்படியும் பயணம் முழுமையாக முடியாதவை என்பதால், சாதாரணக் கருவூட்டல் போதாது. ஒரு விந்தணுவை நேரே முட்டைக்குள் செலுத்தும் 'இக்சி' தேவை. அதற்கு முன் மனைவிக்கும் சி.எஃப்.டி.ஆர். பரிசோதனை செய்ய வேண்டும். இருவரிடமும் மாற்றம் இருந்தால், குழந்தைக்கு நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோய் வர வாய்ப்புண்டு.